ஃபார்வர்ட் மெயிலில் பிழை திருத்தம்: பையரின் தேதி மாறிப்போன ஒரு நிகழ்வு

பின்னணி

திருப்பூரில் பின்னலாடை ஏற்றுமதி செய்யும் ஒரு நடுத்தர நிறுவனம். அமெரிக்க பையர் ஒருவருக்கு 180 ஜி.எஸ்.எம். சிங்கிள் ஜெர்சி டி-ஷர்ட் ஆர்டர் ஓடிக்கொண்டிருந்தது. முதல் பகுதி கப்பல் ஏறிவிட்டது, 4,200 பீஸ் பாக்கி. பையருடன் மெயில் எழுதுவது மெர்ச்சண்டைசர். வெளியே போகும் முக்கியமான மெயில்களை அனுப்புமுன் பிழை திருத்த ஒருவர் இருந்தார். ஆங்கில ஆசிரியராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், கவனமானவர். அவர் வந்த பிறகு நிறுவனத்தின் மெயில்கள் தெளிவாகிவிட்டன என்று பையர் தரப்பிலேயே சொல்லியிருக்கிறார்கள்.

அவர் கையில் ஒரு பக்க விதித்தாள் இருந்தது. தேதியில் மாதப் பெயரை எழுத்தில் எழுத வேண்டும், ஆயிரத்துக்குக் காற்புள்ளி போட வேண்டும், சுருக்கெழுத்து கூடாது, எழுத்துரு காலிப்ரி 11, நிறம் கறுப்பு. எல்லாம் நல்ல விதிகள்தான். நிறுவனம் தானாக எழுதும் மெயில்களை மனதில் வைத்துப் போட்டவை. ஃபார்வர்ட் செய்யும்போது கீழே தொங்கிக்கொண்டு வரும் பிறர் மெயில்களை என்ன செய்வது என்று அதில் ஒரு வரியும் இல்லை.

வேலை நடக்கும் முறையையும் சொல்லிவிட வேண்டும். மெர்ச்சண்டைசர் அவுட்லுக்கில் வரைவு எழுதுவார். முழுவதையும் நகலெடுத்து வேர்டில் ஒட்டி, பொது ஃபோல்டரில் வைப்பார். திருத்துபவர் அந்த வேர்டு கோப்பைத் திருத்தி, மாற்றங்களை எல்லாம் ஏற்று, சுத்தமான பிரதியாக வைப்பார். மெர்ச்சண்டைசர் அதை அப்படியே எடுத்து மெயிலில் ஒட்டி அனுப்புவார்.

ஜூன் 24: அனுப்பப்பட்ட மெயில்

அன்று மெர்ச்சண்டைசர் தையல் யூனிட் மேனேஜருக்கு ஒரு மெயில் சங்கிலியை ஃபார்வர்ட் செய்தார். பேட்டர்ன் மாஸ்டருக்கும் பையரின் உள்ளூர் பையிங் ஆபீசுக்கும் சிசி. மேலே அவர் புதிதாக எழுதியது நான்கு வரி. அதன் சாரம்: துணி வந்துவிட்டது, பாக்கி பீஸ்களைக் கீழே பையர் சொல்லியிருக்கும் தேதிப்படி திட்டமிடுங்கள், துணியின் சுருக்க அளவும் கீழே இருக்கிறது. தேதி என்ன, அளவு என்ன என்று மேலே எழுதவில்லை. கீழேதான் இருக்கிறதே என்பது அவர் எண்ணம். ஆபீஸ்களில் பெரும்பாலும் இப்படித்தான் எழுதுகிறார்கள். அதனால்தான் கீழே இருப்பதற்கு இவ்வளவு எடை வந்துவிடுகிறது. படிப்பவர் வேலையைத் தொடங்குவதே அதை வைத்துத்தான்.

கீழே இரண்டு பழைய மெயில்கள். ஒன்று, ஜூன் 19 அன்று பையர் எழுதியது. அதில் இருந்த வரி:

```
Balance 4200 pcs ex-factory 7/8. Pls plan accordngly.
```

அதாவது, பாக்கி 4,200 பீஸ் 7/8 அன்று தொழிற்சாலையை விட்டு வெளியேற வேண்டும். திருத்தம் முடிந்து போன மெயிலில் அதே வரி:

```
The balance of 4,200 pieces should be ex-factory by
7 August. Please plan accordingly.
```

படிக்க அழகாக இருக்கிறது. ஆனால் பையர் அமெரிக்கர். அவர் மாதத்தை முதலில் எழுதுவார். அவர் சொன்னது ஜூலை 8.

இரண்டாவது பழைய மெயில் துணிச் சுருக்கம் பற்றியது. பையர் கேட்ட கேள்விகளுக்கு நடுவிலேயே, ஒவ்வொன்றின் அடியிலும், சாயப்பட்டறைக்காரர் நீல நிறத்தில் பதில் எழுதியிருந்தார். நீளவாக்கில் 5 சதவீதம் சுருக்கம் வைத்துக்கொள்ளலாமா என்பது பையர் கேள்வி. காம்பாக்டிங் முடிந்த பிறகு அதிகபட்சம் 3 என்பது நீலத்தில் இருந்த பதில். விதித்தாள்படி முழு வேர்டு கோப்பும் தேர்வு செய்யப்பட்டு, ஒரே எழுத்துருவில் கறுப்பாக்கப்பட்டது. நீலம் போனதோடு யார் எந்த வரியைச் சொன்னார் என்பதும் போய்விட்டது. துண்டு வாக்கியங்கள் முழு வாக்கியங்களாக்கப்பட்டபோது கேள்விக்குறியும் காணாமல் போனது. படிப்பவருக்கு 5 சதவீதத்தைப் பையரே ஒப்புக்கொண்டது போலவும், 3 என்பது வேறு ஏதோ அளவு போலவும் தோன்றும்.

ஜூலை 3: எப்படித் தெரிந்தது

பையிங் ஆபீசின் தரக் கட்டுப்பாட்டாளர் போன் செய்தார். "மேடம், 8-ம் தேதி எக்ஸ்-ஃபேக்டரி. ஃபைனல் இன்ஸ்பெக்ஷன் எப்ப வெச்சுக்கலாம்?" மெர்ச்சண்டைசர் உடனே யூனிட் மேனேஜரைக் கூப்பிட்டார். அவர் நிதானமாகச் சொன்னார்: "அடுத்த மாசம் 7-ந் தேதிதானுங்க மேடம்? பையரே அப்படித்தானே எழுதியிருக்காரு."

பையிங் ஆபீசுக்கும் அந்த மெயில் சிசி போயிருந்தது. ஆனால் அவர்களிடம் பையர் நேரடியாக அனுப்பிய மூலமும் இருந்ததால் அதைத்தான் பார்த்து வந்திருக்கிறார்கள். இந்த ஒரு காரணத்தால்தான் விஷயம் ஜூலை 8-க்கு முன்பே வெளியே வந்தது. துணி தயார், கட்டிங் தொடங்கவில்லை. தொடங்கியிருந்தால் 5 சதவீதக் கணக்கில் வெட்டிய பீஸ்கள் துவைத்த பிறகும் அளவைவிட நீளமாக நின்றிருக்கும். தேதிப் பிழையையாவது பணம் கொடுத்து ஓரளவு சமாளிக்கலாம், வெட்டின துணியை ஒன்றும் செய்ய முடியாது.

ஒப்பிட்டுப் பார்த்ததில் கண்டது

அலுவலகக் கடிதப் போக்குவரத்து பற்றிப் பயிற்சி கொடுப்பவன் என்ற முறையில் என்னை அழைத்தது அடுத்த வாரம். பையரின் மூல மெயிலை ஒரு வேர்டு கோப்பிலும், ஃபார்வர்டில் போன பிரதியை இன்னொன்றிலும் ஒட்டி, `Review` பகுதியில் இருக்கும் `Compare` வழியாகப் பார்த்தோம். அநேகமாக எல்லா வரியிலும் ஒரு மாற்றம் இருந்தது. பெரும்பாலானவை தீங்கில்லாத எழுத்துத் திருத்தங்கள். பொருளை மாற்றியவை மேலே சொன்ன இரண்டு மட்டுமே.

தீங்கில்லாதவற்றையும் நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. தவறான எழுத்து ஒன்று சரியாக்கப்பட்டிருக்கிறது என்று தெரிந்த உடனேயே, அந்த மெயிலில் மீதி எது பையர் எழுதியது, எது எழுதாதது என்று யாராலும் சொல்ல முடியாமல் போகிறது. பெயர் அவருடையது, சொல் வேறு யாருடையதோ.

அவுட்லுக்கில் இதற்கென்றே ஒரு வசதி இருக்கிறதே என்று மெர்ச்சண்டைசர் கேட்டார். உண்மைதான். `File > Options > Mail` பகுதியில் `Ignore original message text in reply or forward` என்ற கட்டம் இருக்கிறது. அவர் கணினியில் அது டிக் ஆகித்தான் இருந்தது. ஆனால் அந்தக் கட்டம் அவுட்லுக்கின் எழுத்துப்பிழைச் சோதனையை மட்டும்தான் பழைய பகுதிக்குள் போகாமல் தடுக்கும். கையால் திருத்துவதையோ, `Ctrl+H` போட்டு மாற்றுவதையோ, `Ctrl+A` போட்டு நிறம் மாற்றுவதையோ தடுக்காது. வேர்டில் ஒட்டிவிட்டால் அந்தக் கட்டமே ஆட்டத்தில் இல்லை. வேர்டைப் பொறுத்தவரை புதிய மெயில், பழைய மெயில் என்ற பிரிவே கிடையாது. `From:` `Sent:` `To:` `Subject:` என்ற நான்கு வரிகளும் அதற்கு வெறும் எழுத்துதான்.

மெயிலின் உள்ளே பார்த்தாலும் இதே கதைதான். சாதாரணமாக ஃபார்வர்ட் செய்யும்போது பழைய மெயில், புதிய மெயிலின் உடலுக்குள் ஒரு நகலாகப் போகிறது. பூட்டு எதுவும் கிடையாது. மூல மெயிலோடு வந்த தலைப்பு விவரங்களும் மெயில் வழியில் மாறவில்லை என்று காட்டும், அனுப்பிய சர்வரின் டிகேஐஎம் கையொப்பமும் அந்த நகலோடு வருவதில்லை. பெறுபவருக்கு இருக்கும் ஒரே உத்தரவாதம், அனுப்பியவர் கை வைக்கவில்லை என்ற நம்பிக்கை.

தேதியைப் பற்றியும் ஒரு வார்த்தை. திருத்துபவர் 7/8 என்பதை ஆகஸ்ட் 7 என்று படித்தது நம் ஊர் வழக்கப்படி சரி. பையரின் வழக்கம் வேறு என்பதற்கான தடயம் அதே சங்கிலியில் இருந்தது. சுருக்கம் பற்றிய மெயிலில் சாம்பிள் கிடைத்த நாளை 5/28 என்று அவர் எழுதியிருந்தார். 28-ம் மாதம் கிடையாது, ஆகவே மாதம்தான் முதலில் வருகிறது. இப்படி 12-ஐத் தாண்டிய எண் எங்காவது இருக்கிறதா என்று தேடுவதுதான் ஒருவரின் தேதி வழக்கத்தைக் கண்டுபிடிக்க எளிய வழி. `Sent:` வரியில் இருக்கும் தேதியைப் பார்த்தால் ஏமாந்துபோவோம். அதை ஃபார்வர்ட் செய்பவரின் கணினி தன் வட்டார அமைப்பில், தன் நேரத்தில் எழுதுகிறது. அமெரிக்கர் எழுதிய மெயிலுக்கு மேலே இந்திய முறைத் தேதி இருப்பது இதனால்தான்.

ஆனால் ஜூலை 8 என்று சரியாகக் கண்டுபிடித்திருந்தாலும், பையரின் வரியில் அதை எழுதியிருக்கக் கூடாது என்பதுதான் என் கருத்து. கண்டுபிடித்தது நாம், சொன்னது அவர். நம் முடிவு நம் பெயரில், மேலே இருக்கும் புதிய பகுதியில் வர வேண்டும்.

உடனே எடுத்த முடிவுகள்

ஜூலை 3 மாலையே யூனிட்டுக்கும் பேட்டர்ன் மாஸ்டருக்கும் போனில் சொல்லிவிட்டார்கள். 8-ம் தேதிக்குள் எவ்வளவு முடியும் என்று கணக்குப் போட்டு, 2,400 பீஸ் அன்று வெளியேறும், மீதி 1,800 பீஸ் 12-ம் தேதி என்று முடிவானது.

அடுத்தது எழுத்தில் திருத்துவது. சரியான வாசகத்தோடு அதே சங்கிலியை மறுபடி அனுப்பிவிடலாம், யாரும் கவனிக்க மாட்டார்கள் என்று ஒருவர் சொன்னார். நிறுவன உரிமையாளர் அதற்குச் சம்மதிக்கவில்லை, அது மிகச் சரியான முடிவு. ஜூன் 24 மெயில் ஏற்கெனவே பையிங் ஆபீசில் இருக்கிறது. அதே பையர் பெயரில், அதே தேதியில், வேறு வாசகம் கொண்ட இன்னொரு பிரதியும் போனால், முதலாவது கவனப் பிசகு, இரண்டாவது மறைப்பு என்றாகிவிடும். எனவே புதிய மெயில் ஒன்று எழுதினார்கள். ஜூன் 24 ஃபார்வர்டில் உங்கள் வரிகள் எங்கள் ஆபீசில் திருத்தத்தின்போது மாறிவிட்டன, சரியான தேதி ஜூலை 8, சுருக்கம் 3 சதவீதம், மூல மெயில்கள் இணைப்பில் உள்ளன, முந்தைய பிரதியை நம்ப வேண்டாம். அவ்வளவுதான்.

மூல மெயில்களை இணைப்பாகவே அனுப்பினார்கள். அவுட்லுக்கில் மெயிலைத் தேர்ந்துகொண்டு `Ctrl+Alt+F` அழுத்தினால் அது இணைப்பாகப் போகும். ஜிமெயிலில் `Forward as attachment` என்று இருக்கிறது. இப்படிப் போகும் மெயில் தனிக் கோப்பாக, தன் தலைப்பு விவரங்களோடு போகிறது. திறந்து பார்ப்பவருக்கு அசல் வாசகம் கிடைக்கும்.

ஜூன் 24 மெயிலை யாரும் அழிக்கக் கூடாது என்றும் சொல்லப்பட்டது. தாமதமாகும் பீஸ்களை விமானத்தில் அனுப்பும் ஏர் ஃப்ரைட் செலவு யாருடையது என்ற கேள்வி வரப்போகிறது என்று எல்லாருக்கும் தெரிந்திருந்தது. வழக்கு என்று போனால், 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் பாரதிய சாக்ஷிய அதினியத்தின் 63-ம் பிரிவுப்படி மின்னணு ஆவணத்தைச் சான்றிதழோடு கொடுக்க வேண்டும். அந்தச் சான்றிதழில் கோப்பின் ஹேஷ் மதிப்பும் கேட்கப்படுகிறது. அதற்கு வேண்டியது பெட்டியில் இருக்கும் மூல மெயில். இன்னொருவர் மெயிலுக்குள் ஒட்டி, அதிலும் திருத்தப்பட்ட நகலை வைத்துக்கொண்டு பையர் இப்படிச் சொன்னார் என்று வாதிடுவது கடினம்.

திருத்தும் முறையில் செய்த மாற்றம்

முதல் மாற்றம், வேர்டுக்குப் போவது மேல் பகுதி மட்டும். முதல் `From:` வரிக்கு மேலே இருப்பதை மட்டும் நகலெடுத்து ஒட்டுவது, திருத்தி வந்ததை அந்த இடத்தில் மட்டும் திரும்ப வைப்பது. பழைய சங்கிலி அவுட்லுக் வரைவை விட்டு நகருவதே இல்லை. அவசரத்தில் வரைவிலேயே திருத்த நேர்ந்தால், புதிய பகுதியைத் தேர்ந்துகொண்டு `F7` அழுத்த வேண்டும். தேர்ந்த பகுதி முடிந்ததும் மீதியையும் பார்க்கவா என்று கேட்டால், இல்லை என்று சொல்ல வேண்டும்.

ஆனால் திருத்துபவர் பழைய பகுதியைப் படித்தாக வேண்டும். இதில் எனக்கும் உரிமையாளருக்கும் கொஞ்சம் வாக்குவாதம். கண்ணிலேயே காட்ட வேண்டாம் என்றார் அவர். படிக்காமல் போனால் 7/8 என்ற சிக்கலை யாருமே பார்க்க மாட்டார்கள் என்றேன். கடைசியில், சங்கிலியை பிடிஎஃப் ஆகப் பக்கத்தில் வைத்துக் கொடுப்பது என்று முடிவானது. படிக்கலாம், தொட முடியாது. சந்தேகம் இருந்தால் வேர்டில் குறிப்பாக எழுத வேண்டும்: "பையர் 7/8 என்கிறார். ஜூலை 8-ஆ, ஆகஸ்ட் 7-ஆ? மேலே எழுத்தில் சொல்லிவிடுங்கள்." மெர்ச்சண்டைசர் உறுதி செய்துகொண்டு புதிய பகுதியில் ஜூலை 8 என்று எழுதுவார். பையரின் 7/8 கீழே 7/8 ஆகவே நிற்கும், `accordngly` என்ற பிழையோடு. அந்தப் பிழையைக் கண்டு திருத்துபவருக்குக் கை பரபரக்கும் என்பது தெரியும். விட்டுவிட வேண்டியதுதான்.

கேள்விகளுக்கு நடுவில் பதில் எழுதும் மெயில்கள் தனிச் சிக்கல். அங்கே புதியது பழையதற்குள்ளேயே கலந்து கிடக்கிறது. நிறத்தை மட்டும் நம்பினால் நிறம் போன அன்று எல்லாம் போகும் என்பதைப் பார்த்தாகிவிட்டது. ஆகவே ஒவ்வொரு பதிலின் தொடக்கத்திலும் எழுதுபவரின் பெயர்ச் சுருக்கத்தைச் சதுர அடைப்புக்குள் போட வேண்டும் என்று வைத்தோம். நிறுவனம் எழுதிய பதில்களை மட்டும் திருத்துபவர் தொடுவார். நேற்று நாமே எழுதி அனுப்பிய பதிலாக இருந்தாலும், அனுப்பியாகிவிட்டது என்றால் அதுவும் பழையதுதான். நம்முடைய பழைய மெயிலில் இருக்கும் பிழையையும் இன்று திருத்தக் கூடாது.

பழைய பகுதியில் கை வைக்கவே கூடாதா என்றால், வெட்டலாம். வெட்ட வேண்டிய தேவையும் இந்தத் தொழிலில் உண்டு. பையர் மெயிலில் இருக்கும் எஃப்ஓபி விலையோடு சங்கிலியை ஜாப் ஒர்க் யூனிட்டுக்கு அனுப்ப முடியாது. சங்கிலியின் அடியில் இருக்கும் மெயில்களை முழுசாக நீக்குவதில் குழப்பம் வராது. நடுவில் ஒரு வரியை எடுத்தால் அந்த இடத்தில் "விலை விவரம் நீக்கப்பட்டது" என்று நிறுவனத்தின் பெயரோடு குறிக்க வேண்டும். வெட்டியது தெரிய வேண்டும். வெட்டாமல் விட்ட சொற்கள் அப்படியே இருக்க வேண்டும்.

அனுப்பியதைச் சோதிக்க, வாரத்தில் சில மெயில்களை எடுத்து மூலத்தோடு `Compare` செய்கிறார்கள். இதில் ஒரு எச்சரிக்கை தேவைப்பட்டது. யாரும் தொடாத மெயிலிலும் வித்தியாசம் காட்டும். நேர் மேற்கோள் குறிகளை வளைந்த குறிகளாக மாற்றுவது வேர்டின் பழக்கம், இடைவெளிகளும் மாறும். பாதுகாப்பு மென்பொருள் சில இடங்களில் இணைப்பு முகவரிகளை மாற்றி எழுதும், வெளியிலிருந்து வந்த மெயில் என்று மேலே ஒரு பட்டையும் சேர்க்கும். சொல், எண், தேதி, பெயர் இவை நான்கிலும் வித்தியாசம் இருந்தால் மட்டும் நின்று பார்க்க வேண்டும்.

பிறகு நடந்தது

2,400 பீஸ் ஜூலை 8 இரவு வெளியேறியது. மீதி 12-ம் தேதி தயாராகி, விமானத்தில் போனது. அந்தச் செலவை நிறுவனம் ஏற்றுக்கொண்டது. பையர் அபராதம் எதுவும் போடவில்லை. இனிமேல் தங்கள் மெயிலை ஃபார்வர்ட் செய்தால் இணைப்பாக அனுப்பும்படி மட்டும் பையிங் ஆபீஸ் கேட்டுக்கொண்டது.

திருத்துபவர் வேலையில் தொடர்கிறார். பொறுப்பு அவர்மீது சுமத்தப்படவில்லை, சுமத்தியிருந்தால் நியாயமாக இருந்திருக்காது. விதித்தாள் சொன்னதைத்தான் அவர் செய்தார். புதிய விதித்தாளின் முதல் வரியை அவரே எழுதினார்: "முதல் `From:` வரியோடு என் வேலை முடிகிறது."

இன்னும் மாற வேண்டியது

மறுபடி இதே நிலைமை வந்தால் முதலில் மாற்ற வேண்டியது, மெர்ச்சண்டைசர் எழுதிய நான்கு வரியை. "கீழே பார்க்கவும்" என்பதற்குப் பதில் தேதியையும் எண்ணிக்கையையும் சுருக்க அளவையும் மேலேயே எழுதியிருந்தால், கீழே ஆகஸ்ட் 7 என்று மாறியிருந்தும் இரண்டுக்கும் முரண்பாடு உடனே கண்ணில் பட்டிருக்கும். இதை விதியாக வைத்திருக்கிறார்கள். எல்லாரும் இன்னும் பின்பற்றுவதில்லை.

இணைப்பாக அனுப்பும் முறையிலும் ஒரு தடை இருக்கிறது. தையல் யூனிட்டில் பலர் மெயிலைப் போனில்தான் பார்க்கிறார்கள், சில போன்களில் இணைப்பாக வரும் மெயில் கோப்பு திறப்பதில்லை. அதனால் இப்போதைக்குத் தேதி, அளவு, எண்ணிக்கை இருக்கும் மெயில்களுக்கு மட்டும் இரண்டும் சேர்ந்து போகிறது: படிக்க வசதியாக உடலில் சங்கிலி, சரிபார்க்க இணைப்பில் மூலம். போனிலிருந்தே நேரடியாக ஃபார்வர்ட் செய்யும் மெயில்கள் திருத்துபவரிடம் வருவதே இல்லை. அவற்றில் பழைய பகுதிக்குள் விரல் தவறிப் பட்டு ஒரு எண் அழிந்தாலும் தெரியாது. பையர் மெயிலைப் போனிலிருந்து ஃபார்வர்ட் செய்ய வேண்டாம் என்று சொல்லியிருக்கிறோம். ஷிப்மென்ட் நெருங்கும் வாரங்களில் அது நடக்குமா என்பதை அடுத்த சீசனில்தான் பார்க்க வேண்டும்.